இரண்டு வயதில் உயரம் குறையுமா?

கேள்வி: என் பையனுக்குப் போன மாதம் 86.2 செ.மீ. என்று கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது இரண்டு வயது முடிந்ததும் அளந்தால் 86.1 என்கிறார்கள். குழந்தை வளர்வது நின்றுவிட்டதா? வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

பதில்:

போன மாதம் படுக்க வைத்து அளந்திருப்பார்கள், இந்த மாதம் நிற்க வைத்திருப்பார்கள். கார்டை எடுத்துப் பாருங்கள், அநேகமாக அதுதான். பையன் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறான்.

நான் டாக்டர் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "பால்வாடி டீச்சருக்கு என்ன தெரியும்" என்று கமெண்டில் வருபவர்கள் வாருங்கள். குழந்தைகளை மாதாமாதம் அளந்தது நாங்கள்தான்.

இரண்டு வயது வரை படுக்க வைத்து எடுப்பது நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து எடுப்பது உயரம். ஒரே குழந்தையை ஒரே நாளில் இரண்டு விதமாகவும் அளந்தால் படுத்த அளவு கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். சராசரியாக 0.7 செ.மீ., அதாவது 7 மில்லிமீட்டர். நிற்கும்போது உடம்பு எடை முதுகெலும்பில் இறங்கும், எலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை போன்ற வட்டுகள் லேசாக அமுங்கும், இடுப்பு வளைவும் கூடும். படுத்திருக்கும்போது அந்தப் பாரம் கிடையாது, போதாததற்குக் காலை நாம் வேறு அழுத்தி நீட்டிப் பிடிக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையிலேயே இது தெரியும். ஆண் குழந்தைக்கு 23 மாதத்தில் நடு அளவு 86.9. இது நீளம். 24 மாதத்தில் உயரம் 87.1. ஒரு மாதத்தில் வெறும் 2 மில்லிமீட்டரா வளர்ச்சி? இல்லை. அதே 24 மாதத்துக்கு நீளமாகப் பார்த்தால் 87.8. அந்த வயதில் மாதத்துக்கு 9 மில்லிமீட்டர் வளர்கிற குழந்தைக்கு, படுக்கையிலிருந்து எழுப்பி நிறுத்தியதும் 7 போய்விடுகிறது. உங்கள் பையன் கணக்கும் இதுதான். இன்றைய 86.1-உடன் 0.7 கூட்டினால் 86.8, போன மாதம் 86.2.

இந்தக் கேள்விக்கு நான் உட்கார்ந்து பதில் எழுதுவதற்குக் காரணம் எங்கள் ஊரில் நடந்த ஒரு சங்கதி. ஒரு பெண் குழந்தை, மெலிந்த உடம்பு. 23 மாதத்தில் எங்கள் மையத்தில் படுக்க வைத்து அளந்தபோது 79.8. அடுத்த மாதம் சளிக்குக் காட்ட டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே நிற்க வைத்து 79.6 என்று எடுத்து, அதை நீளத்துக்கான கோட்டில் புள்ளி வைத்து, "வயசுக்கேத்த வளர்த்தி இல்ல, கோட்டுக்குக் கீழ போயிருச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் நின்று மாமியார் மருமகளைத் திட்டித் தீர்த்துவிட்டார். மருமகள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அழுதபடி மையத்துக்கு வந்தாள்.

பெண் குழந்தைக்கு 24 மாதத்தில் 'குட்டை' என்று சொல்கிற எல்லைக்கோடு நீளத்துக்கு 80.0, உயரத்துக்கு 79.3. நின்று எடுத்த 79.6-ஐ நீளக் கோட்டில் வைத்தால் கீழே, உயரக் கோட்டில் வைத்தால் மேலே. குழந்தை அதே குழந்தைதான்.

வாயால் சொன்னால் மாமியார் நம்பமாட்டார் என்று அவரையும் வரச்சொல்லி, அவர் கண் முன்னாலேயே அளந்தேன். குழந்தைக்கு இரட்டைக் குடுமி, அதை அவிழ்த்தோம். கொலுசு, செருப்பு, கனமான ஜட்டி எல்லாம் கழற்றினோம். பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்து, எங்கள் உதவியாளர் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியைத் தலைப்பலகையில் முட்ட வைத்தார், குழந்தையின் பார்வை நேராக மேலே. நான் ஒரு கையால் இரண்டு முழங்காலையும் அமுக்கி, மறு கையால் கால்பலகையை இரண்டு உள்ளங்காலிலும் படும்படி தள்ளினேன். 80.4. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாக எடுத்த அளவை நான் நம்பமாட்டேன். தலை பலகையைத் தொடாமல் இடைவெளி விட்டால் அளவு கூடிவிடும், முழங்கால் மடங்கினால் குறைந்துவிடும், ஒரு காலை மட்டும் பிடித்தால் இடுப்பு சாய்ந்துவிடும்.

அப்புறம் நிற்க வைத்தோம். குதிகால், கெண்டைக்கால், புட்டம், தோள்பட்டை, பின்தலை எல்லாம் பலகையில் படவேண்டும். காதுத்துளையும் கண்ணின் கீழ் எலும்பும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், குழந்தை அண்ணாந்து பார்த்தால் அளவு கெட்டுவிடும். வயிற்றை லேசாக உள்ளே அழுத்தினால் முதுகு நேராகும். 79.6. கிளினிக்கில் எடுத்த அளவில் தப்பே இல்லை, புள்ளி வைத்த கோடுதான் மாறிப்போனது. எங்கள் இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 0.8. 0.7 என்பது சராசரிதானே, ஒரு குழந்தைக்கு அரை சென்டிமீட்டர் வரும், இன்னொன்றுக்கு ஒன்று வரும்.

அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எல்லையிலிருந்து 3 மில்லிமீட்டர் மேலே என்பது சந்தோஷப்படுகிற இடமில்லை. முட்டை, பருப்பு, சத்துமாவு எல்லாம் கூட்டச் சொன்னோம், எடையையும் கவனித்தோம். ஆனால் "போன மாதத்தைவிடக் குறைந்துவிட்டது" என்பது நடக்காத விஷயம். படுத்த அளவோடு படுத்த அளவை வைத்தால் 79.8-லிருந்து 80.4, 6 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். மாமியார் பலகையில் இருந்த கோட்டைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். மருமகளிடம் ஒரு வார்த்தை இல்லை!

படுத்த அளவு வேறு, நின்ற அளவு வேறு என்ற இந்த ஒரு வரியைக் கிளினிக்கில் சொல்ல ஆகிற நேரம் எவ்வளவு? எங்களுக்கு மட்டும் நேரம் இருந்ததா என்று கேட்காதீர்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வீடு வீடாகப் போகிற வேலையும் எங்கள் தலையில்தான். அந்த மாதம் குழந்தைகளை அளப்பதே தள்ளிப்போகும், ஆனால் அறிக்கை மட்டும் தேதி தவறாமல் போகவேண்டும். சரி, அது வேறு கதை.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். கார்டில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'ப' அல்லது 'நி' என்று பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை படுக்க மறுத்து நிற்க வைத்து அளந்தால் 0.7 கூட்டவேண்டும். இரண்டு முடிந்த குழந்தை நிற்க முடியாமல் படுக்க வைத்து அளந்தால் 0.7 கழிக்கவேண்டும். செயலியில் பதிவு செய்கிறவர்கள் எப்படி அளந்தோம் என்பதையும் சரியாகத் தேர்ந்தெடுத்தார்களா என்று கேளுங்கள், கோபப்பட்டால் படட்டும். செயலி தானாகவே கூட்டிக் கழிக்கிற இடத்தில் நாமும் ஒருமுறை கூட்டினால் இரட்டைக் கணக்காகிவிடும்.

வீட்டில் கட்டிலில் படுக்க வைத்து டெய்லர் டேப்பால் அளந்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மெத்தை அமுங்கும், டேப் வளையும், பிழை இந்த 7 மில்லிமீட்டரையே தாண்டிவிடும்.

இனி மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் நிற்க வைத்து அளக்கச் சொல்லுங்கள், முடிந்தால் அதே காலை நேரத்தில். இந்த வயதில் மூன்று மாதத்துக்கு சராசரியாக 2 செ.மீ.க்கு மேல் ஏறும். நின்ற அளவுக்கும் நின்ற அளவுக்கும் நடுவில் அசைவே இல்லை என்றால் அப்போது குழந்தை மருத்துவரிடம் கார்டோடு போங்கள்.