11 யோசனைகள், கையில் 6 லட்சம்: எதைத் தொடங்குவது?

கேள்வி: வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணம் 6 லட்சம் இருக்கிறது. இட்லி மாவுக் கடை, ஜெராக்ஸ், டிபன் கடை, ஆரி ஒர்க், டியூஷன் என்று 11 தொழில்களை எழுதி வைத்திருக்கிறேன். மாதம் 25,000 ரூபாயாவது வர வேண்டும். எதில் இறங்கலாம்?
– ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: முதலில் பணத்தை ஆறு மாத டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். அது சேமிப்புக் கணக்கில் இருந்தால் நல்ல கடை ஒன்று கண்ணில் பட்ட அன்றே அட்வான்ஸ் கொடுக்கத் தோன்றும்.

பிறகு பட்டியலை எடுத்து, ஒவ்வொரு தொழிலுக்கும் எதிரே அதை இப்போது நடத்திக்கொண்டிருக்கும் மூன்று பேரை எழுதுங்கள். மூன்று பேர் கிடைக்காத தொழிலை அடித்துவிடுங்கள். சொந்தக்காரர்களை இதில் சேர்க்க வேண்டாம், அவர்கள் உங்கள் மனசுக்காகத்தான் பேசுவார்கள். மெஷின் விற்பவரும் ஃபிரான்சைஸ் கொடுப்பவரும் கூடாது. மூவரில் ஒருவர் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாதவராக இருக்கட்டும், இன்னொருவர் பத்து வருடம் தாக்குப்பிடித்தவராக இருக்கட்டும். முக்கியமாக, மூவரும் உங்கள் ஏரியாவில் இருக்கக் கூடாது. கொளத்தூரில் போட்டிக்கு வரப்போகிறவரிடம் யார் கணக்கைச் சொல்வார்கள்? மடிப்பாக்கத்திலோ சேலையூரிலோ போய், "நான் கொளத்தூர்க்கா, உங்க பக்கம் கடை போடப் போறதில்ல" என்று உண்மையைச் சொன்னால் பேசுவார்கள்.

போன வருடம் என்னிடம் வந்த பெண் ஒருவரின் பட்டியலிலும் மாவுக் கடைதான் முதலில் இருந்தது. காலையும் மாலையும் வியாபார நேரம் என்பதால் மதியம் 12 மணிக்குமேல் போகச் சொன்னேன். "லாபம் எவ்வளவு?" என்று கேட்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன். அந்தக் கேள்விக்கு "ஏதோ ஓடுது" என்பதுதான் பதிலாக வரும். "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அரிசி ஊறப்போடுறீங்க? ராத்திரி எவ்வளவு மிச்சமாகும்? வாடகை எவ்வளவு?" என்று கேட்டால் யாரும் தயங்காமல் சொல்வார்கள். கணக்கை நாம் போட்டுக்கொள்ளலாம்.

அவர் போய்ப் பார்த்த மூவரில் வாடகைக் கடை வைத்திருந்தவர் தினம் 20 கிலோ அரிசியும் 5 கிலோ உளுந்தும் போடுகிறார். அதற்கு 1,550 ரூபாய். மாவு சுமார் 60 கிலோ வரும், கிலோ 45 ரூபாய். வெயில் காலத்தில் காலையில் அரைத்த மாவு சாயங்காலத்துக்குள் புளித்து கவரே உப்பிவிடும், அதனால் தினம் 6 கிலோ போலக் கழிகிறது. விற்றுக் கைக்கு வருவது 2,430. அரிசி, உளுந்து போக 880. கரண்ட், கவருக்கு 150, வாடகை 10,000-ஐ நாளுக்குப் பிரித்தால் 333. மிச்சம் 400 ரூபாய்கூட இல்லை. ஒரு நாள்கூட லீவு போடாமல், ஆள் வைக்காமல் உழைத்தாலும் மாதம் 12,000தான்.

அப்படியானால் மூவரும் எப்படிப் பிழைக்கிறார்கள்? அந்த இடத்தில்தான் அவரை நிறுத்தி யோசிக்கச் சொன்னேன். இருவர் சொந்த வீட்டின் முன்பக்கத்தில் கடை போட்டவர்கள், வாடகை இல்லை. வாடகை கொடுப்பவர் மாலையில் அதே மாவில் தோசையும் பணியாரமும் போட்டு விற்கிறார், குடும்பம் ஓடுவது அதில்தான். ஆக அது மாவுக் கடை இல்லை, இரவு 10 மணிவரை அடுப்பு முன்னால் நிற்கும் டிபன் கடை. அந்தப் பெண்ணுக்கு வாடகை இல்லாத இடமும் இல்லை, பத்தாவது படிக்கும் மகனை விட்டுவிட்டு இரவில் கடையில் நிற்கவும் முடியாது. மாவும் டிபனும் ஒரே நாளில் பட்டியலிலிருந்து போயின.

மூவரும் ஒரே மாதிரி சொல்வதை அந்தத் தொழிலின் குணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் மாற்றிச் சொன்னால் அவரிடம் இருக்கும் எது அதற்குக் காரணம், அது உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெராக்ஸ் சீக்கிரமே போய்விட்டது. பள்ளியோ அரசு அலுவலகமோ பக்கத்தில் இல்லாத தெருவில் ஓடாது என்று மூவரும் சொன்னார்கள். ஆரி ஒர்க் பட்டியலில் தங்கியது. ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் வராது, தெரிந்தவர்கள் கடன் சொல்வார்கள் என்ற குறைகளையும் மூவரும் மறைக்காமல் சொன்னார்கள். ஆனால் கல்யாண பிளவுஸுக்குப் பாதிப் பணம் முன்னாலேயே வந்துவிடும், சௌகார்பேட்டையில் மணியும் நூலும் வாங்க அதுவே போதும், கடையும் தேவையில்லை. அவருக்கு அந்தக் கை வேலை ஏற்கெனவே தெரியும். உங்களுக்குத் தெரியாதென்றால் உங்கள் விடை வேறாக இருக்கும்.

உங்கள் பட்டியலில் மேலே இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு தொழிலுக்கு ஒரு வாரம் போதும், விழுந்தால் அடுத்ததற்குப் போங்கள். மூன்று பேரின் கணக்கிலும் உங்கள் வாடகையைப் போட்ட பிறகும் 25,000 நிற்கும் தொழில் வந்தால், அந்த மூவரில் ஒருவரிடம் கேட்டு ஒரு வாரம் கூடவே நின்று வேலை பாருங்கள். டெபாசிட்டை உடைப்பது அதற்குப் பிறகு.