மூன்று வரியில் என்ன எழுதுவது?

வணக்கம் அண்ணா. இந்த வருடம் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேப் வேலைகளுக்கு ரெஸ்யூம் அனுப்புகிறேன். மேலே மூன்று வரி சம்மரி வேண்டும் என்கிறார்கள். எங்கும் வேலை பார்த்ததில்லை. அதனால் "கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன், குழுவோடு ஒத்துப்போவேன்" என்று போட்டிருக்கிறேன். சீனியர்களும் இதையேதான் போட்டார்கள். கடைசி வருடம் ஐந்து பேர் சேர்ந்து கௌண்டன்ய ஆற்றோரம் 12 கிணறுகளில் தண்ணீர் எடுத்து பி.எச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை டெஸ்ட் செய்தோம், கடினத்தன்மைக்கான இ.டி.டி.ஏ. டைட்ரேஷன் மட்டும் நான் செய்தேன். அவ்வளவுதான்.
— ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் "அவ்வளவுதான்" என்று முடித்த இடத்திலிருந்துதான் உங்கள் சம்மரி ஆரம்பிக்க வேண்டும். ஆள் எடுக்கும் மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். "கடின உழைப்பாளி" என்பது வருகிற எல்லா ரெஸ்யூமிலும் இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். "12 கிணற்று நீர் மாதிரிகள், கடினத்தன்மை, இ.டி.டி.ஏ. டைட்ரேஷன்" என்று இருந்தால் லேப் பொறுப்பாளர் அங்கே நிற்பார். அவருக்கு வேண்டியது பியூரெட்டைப் பிடித்துப் பழகிய கை.

தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன், ஆங்கிலத்தில் நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

"பி.எஸ்சி. வேதியியல் பட்டதாரி, தரக்கட்டுப்பாட்டு லேபில் பயிற்சி நிலை வேலை தேடுகிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் குடியாத்தம் பகுதியின் 12 கிணற்று நீர் மாதிரிகளுக்கு மொத்தக் கடினத்தன்மையை இ.டி.டி.ஏ. டைட்ரேஷனில் கண்டறிந்தேன், குழுவாக பி.எச்., டி.டி.எஸ். அளந்து, முடிவுகளை ஐ.எஸ். 10500 குடிநீர் வரம்புகளோடு ஒப்பிட்டோம். ராணிப்பேட்டையில் தங்கி வேலை செய்யத் தயார்."

முதல் வரி நீங்கள் யார், எந்த வேலைக்கு என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, உங்கள் கை செய்ததையும் குழு செய்ததையும் பிரித்துச் சொல்கிறது. இந்தப் பிரிவினை முக்கியம். ஐந்து பேரும் "எல்லாம் நானே செய்தேன்" என்று எழுதி, அதில் இரண்டு பேர் ஒரே கம்பெனிக்குப் போனால் சங்கடம். ஐ.எஸ். 10500-உடன் நீங்கள் ஒப்பிட்டிருக்காவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். மூன்றாவது வரியை அலட்சியமாக நினைக்காதீர்கள். முகவரியில் குடியாத்தம் என்று பார்த்ததும், தினமும் அவ்வளவு தூரம் வந்து போவாரா என்ற கேள்வி அவர்களுக்கு வரும். வீட்டில் பேசி, நிஜமாகவே தங்க முடியும் என்றால் மட்டும் அதைப் போடுங்கள்.

அப்புறம், சம்மரியில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் இன்டர்வியூவில் கேள்வியாகத் திரும்பி வரும். கடினத்தன்மை என்று போட்டால் எந்த இண்டிகேட்டர் என்பார்கள். எரியோகுரோம் பிளாக் டி. ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடம்தான் முடிவுப்புள்ளி. பஃபர் எதற்கு என்பார்கள். பி.எச். 10 அளவில் இருந்தால்தான் அந்த நிறமாற்றம் தெளிவாகத் தெரியும். ஏதாவது ஒரு கிணற்று நீரில் நிறம் சட்டென்று மாறாமல் இழுத்ததா? அதைச் சொல்லுங்கள். தண்ணீரில் இரும்பு போன்ற உலோகங்கள் இருந்தால் அப்படி ஆகும். புத்தகம் படித்தவரிடமிருந்து டெஸ்ட் செய்தவரைப் பிரித்துக் காட்டுவது இந்த மாதிரி விஷயம்தான்.

டி.டி.எஸ். எப்படி எடுத்தீர்கள் என்பதையும் தோழிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையடக்க மீட்டர் மின்கடத்தும் திறனை அளந்து அதிலிருந்து கணக்கிட்டுக் காட்டும். வடிகட்டிய நீரை ஆவியாக்கி, மிச்சத்தை 180 டிகிரியில் உலர்த்தி எடை போடுவது வேறு முறை. மீட்டர் என்றால் மீட்டர் என்றே சொல்லுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

தோல் தொழிற்சாலைக்கோ அதன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ அனுப்பும்போது குரோமியம், சி.ஓ.டி. என்றெல்லாம் சேர்க்கத் தோன்றும். அங்கே தினமும் பார்ப்பது அவற்றைத்தான். ஆனால் நீங்கள் செய்யாததைச் சேர்க்க வேண்டாம். அதற்குப் பதிலாக உங்கள் வரியில் டி.டி.எஸ்.ஸை முன்னால் கொண்டு வாருங்கள். தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பெல்லாம் கழுவும்போது தண்ணீரில்தான் இறங்குகிறது, அதனால் அந்த எழுத்துகள் அவர்களுக்கு உடனே கண்ணில் படும். மருந்துக் கம்பெனிக்கு என்றால் டைட்ரேஷன் முன்னால் வரட்டும், ஊரின் பெயர், கிணற்றுக் கதை சுருங்கட்டும்.

அனுப்புவதற்கு முன் ப்ராஜெக்ட் ரெக்கார்டை எடுத்து, 12 மாதிரிகளிலும் டைட்ரேஷன் உங்கள் கைதானா என்று ஒருமுறை பாருங்கள். எட்டுதான் என்றால் எட்டு என்றே எழுதுங்கள்.