எஸ்டோனிய மொழியில் எண்ணுக்குப் பின் எந்த வேற்றுமை?

"என் குடும்பம் பற்றி எஸ்டோனிய மொழியில் கட்டுரை எழுதினேன். 'கக்ஸ் லப்ஸெத்', 'பல்யு லஸ்ட்', 'கஹெ லஸ்டெகா' மூன்றையும் ஆசிரியர் திருத்திவிட்டார். ஏன்?"

கக்ஸ் என்றால் 'இரண்டு'. லப்ஸெத் என்றால் 'குழந்தைகள்', எழுவாய்ப் பன்மை. ஆனால் இரண்டு முதலான எண்கள் எழுவாய் வடிவில் நிற்கும்போது, பின்வரும் பெயர், ஒன்றின் பகுதியையோ அளவையோ குறிக்கும் 'பகுதி வேற்றுமை'யின் ஒருமையில் வர வேண்டும். அதனால் சரியானது 'கக்ஸ் லஸ்ட்'. எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது. நாமும் 'இரண்டு பழம் வாங்கினேன்' என்கிறோமே, அதுபோல. ஒன்றுக்கு மட்டும் இந்த விதி இல்லை.

பல்யு, அதாவது 'நிறைய', எண்ணத்தக்க பொருளுக்குப் பகுதி வேற்றுமைப் பன்மையைக் கேட்கும்: 'பல்யு லப்ஸி'. தண்ணீர் போல எண்ண முடியாததற்கு ஒருமை: 'பல்யு வெத்த்'. இங்கே ஏமாற்றுவது மித்து என்ற சொல். 'பல', 'எத்தனை' என்று பொருள்பட்டாலும் அது எண்ணைப் போலவே ஒருமையைத்தான் எடுக்கும்: 'மித்து லஸ்ட்'.

மூன்றாவது பிழைதான் மிகவும் கவனிக்க வேண்டியது. எண் வேற்றுமை ஏற்று, கக்ஸ் என்பது கஹெ ஆனவுடன் பகுதி வேற்றுமைக்கு அங்கே வேலை இல்லை. பெயரும் ஆறாம் வேற்றுமை ஒருமைக்கு மாறும்: 'கஹெ லப்ஸெ எமா', இரு குழந்தைகளின் தாய். 'உடன்' என்னும் பொருள் தரும் 'கா' இதே வடிவத்தில், பெயரோடு மட்டும் ஒட்டும்: 'கஹெ லப்ஸெகா'. நீங்கள் எழுதிய லஸ்டெகா பன்மை. எண் இல்லாமல் 'குழந்தைகளுடன்' என்று சொல்ல அது சரி.

கட்டுரையைத் திருத்தும்போது பெயரைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள். கக்ஸ் என்றால் லஸ்ட், கஹெ என்றால் லப்ஸெ.