தூக்க மாத்திரை: நாட்களைக் குறைக்காமல் அளவைக் குறையுங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம், டயசெபம் ஆகிய நான்கு மாத்திரைகளைப் பற்றியவை. நான்கும் பென்சோடயசெபின் வகையைச் சேர்ந்தவை. ஆதலால் மற்றக் கடிதங்களை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கீழே சொல்லும் அளவுகளை, மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் காட்டிப் பேசிய பிறகே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றைத் தாமாகத் தொடவே கூடாது.

குளோனசெபம் 0.25 மி.கி. மூன்று வாரமாக இரவில் மட்டும் சாப்பிடுகிறேன். நிறுத்த எத்தனை மாதம் ஆகும்? (வாசகி, கும்பகோணம்)

மாதக்கணக்கில் ஆகாது. நான்கு வாரத்துக்குள் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் அரை மாத்திரை, அடுத்த வாரம் கால் மாத்திரை என்று இறங்கினால் போதும். நான்காவது வாரத்தைத் தாண்ட விடாமல் இப்போதே மருத்துவரைப் பாருங்கள்.

பல வருடங்களாகத் தூக்க மாத்திரை சாப்பிடுகிறேன். எப்படி நிறுத்துவது என்று உடனே எழுதவும். (வாசகர், நீடாமங்கலம்)

மாத்திரையின் பெயர் இல்லை, மில்லிகிராம் இல்லை, எத்தனை வருடம் என்பதும் இல்லை, தங்கள் வயதும் இல்லை. "வெள்ளை நிறச் சிறிய மாத்திரை" என்ற ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. அல்பிரசோலம் 0.25 மி.கி. சாப்பிடுபவருக்கும் 2 மி.கி. சாப்பிடுபவருக்கும் ஒரே பதிலை எழுதினால், இரண்டாமவருக்கு வலிப்பு வரக்கூடும். அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். அதுவரை ஒரு துணுக்கைக்கூடக் குறைக்க வேண்டாம்.

அல்பிரசோலம் 0.5 மி.கி. ஆறு வருடமாகச் சாப்பிடுகிறேன். வாய்க்காலில் முறை வைப்பதைப் போல ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டுப் பிறகு நிறுத்திவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா? (வாசகர், மன்னார்குடி)

சரியல்ல. இந்த யோசனையை நான் எதிர்த்து எழுதாத ஆண்டில்லை. ஆனாலும் இது ஊர் ஊராகப் போய்க்கொண்டேயிருக்கிறது. எனவே ஒரு முறை விரிவாகவே சொல்கிறேன்.

அல்பிரசோலம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். இன்று இரவு பத்து மணிக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டால், நாளைக் காலையில் பாதியும் நாளை இரவில் கால் பங்கும் மிஞ்சும். வழக்கமாக அந்த நேரத்தில் அடுத்த மாத்திரை உள்ளே போய்விடும். நீங்கள் அன்று விட்டுவிட்டால், மறுநாள் காலையில் அரைக்கால், மறுநாள் இரவில் வீசம் என்று ஏறக்குறைய வற்றிவிடும். அந்த வறட்சிக்குப் பிறகு மறுபடி முழு மாத்திரை. வாரத்தின் மொத்தக் கணக்கில் பாதி குறைந்ததைப் போலத் தோன்றினாலும், இரண்டு நாளுக்கு ஒரு முறை முழுவதுமாக நிறுத்தித் திரும்பத் தொடங்குவதைத்தான் மூளை உணர்கிறது. வேர் பிடித்த பயிர் முறைப்பாசனத்தைத் தாங்கும், நாற்றங்கால் தாங்காது. ஆறு வருடம் இந்த மருந்துக்குப் பழகிய நரம்பு மண்டலம் இந்த விஷயத்தில் நாற்றங்காலைப் போன்றது. தண்ணீர் தினமும் போக வேண்டும். மதகைத்தான் சிறிது சிறிதாக இறக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். வயது ஐம்பதைச் சிறிது தாண்டியவர், அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர். உங்களைப் போலவே 0.5 மி.கி. மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டிருக்கிறார். விட்ட இரவுகளில் மூன்று மணிக்கு வியர்த்து எழுவார், நெஞ்சு படபடக்கும். மாரடைப்பு என்று பயந்து இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தார், இரண்டும் சரியாகவே இருந்தன. கடைசியில் "இந்த மாத்திரை இல்லாமல் நான் பிழைக்க மாட்டேன்" என்ற முடிவோடு பழைய அளவுக்கே திரும்பினார். இந்த முறையின் பெரிய தீங்கு இதுதான். தவறான வழியில் குறைத்ததால் வந்த தொல்லையை, தனக்கு அந்த மருந்து நிரந்தரமாகத் தேவை என்பதற்குச் சான்றாக மனிதர் எடுத்துக்கொள்கிறார்.

அவருக்குச் செய்தது இது. அல்பிரசோலம் 0.5 மி.கி.க்கு டயசெபம் சுமார் 10 மி.கி. ஈடாகும். இது தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். டயசெபம் உடம்பில் நாட்கணக்கில் தங்குவதால் ஏற்ற இறக்கம் குறைவு, 2 மி.கி. மாத்திரையாகவும் கிடைப்பதால் சிறு படிகளாக இறங்க வசதி. முதல் பத்து நாள் அல்பிரசோலம் 0.25 மி.கி.யும் டயசெபம் 5 மி.கி.யும் சேர்த்துக் கொடுத்தோம். அடுத்த பத்து நாள் டயசெபம் 10 மி.கி. மட்டும். அந்த நாட்களில் பகலில் மந்தமாக இருக்கலாம் என்பதால் இருசக்கர வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பிறகு இரண்டு வாரத்துக்கு 1 மி.கி. வீதம் 5 மி.கி. வரை இறங்கினோம். அதன் பிறகு அதே ஒரு மி.கி. ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால் படியை அரை மி.கி. ஆக்கினோம்.

இடையில் ஒரு தடுமாற்றம் வந்தது. 6 மி.கி.யில் இருந்தபோது, ஒழுங்காகக் குறைத்தும் சில இரவுகளில் மட்டும் தூக்கம் கெட்டது. துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். வெற்றிலைப் பெட்டியிலிருந்த பாக்குவெட்டியால் நறுக்கி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்து வந்தார். ஒரு "பாதி" இன்னொரு "பாதி"யைப் போல இரண்டு மடங்கு இருந்தது; அடியில் மாவு உதிர்ந்து கிடந்தது. மாத்திரை வெட்டுவதற்கென்றே மருந்துக் கடைகளில் விற்கும் சிறு பெட்டியை வாங்க வைத்தேன். ஒரு மாத்திரையின் துண்டுகள் எல்லாவற்றையும் தீர்த்த பிறகே அடுத்ததை வெட்டும்படியும் சொன்னேன். ஒரு துண்டில் கூடினால் அடுத்ததில் குறைந்து கணக்கு நேராகிவிடும். அதே சமயத்தில் அவர் மகளின் திருமணமும் வந்ததால் நான்கு வாரம் 6 மி.கி.யிலேயே நிறுத்தி வைத்தோம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆயிற்று. ஆறு வருடப் பழக்கத்துக்கு ஒன்பது மாதம் அதிகமில்லை.

நண்பரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

என் மனைவிக்குக் குளோனசெபம் 1 மி.கி.யை மாதம் ஒரு முறை 0.25 மி.கி. வீதம் குறைத்தோம். முதல் இரண்டு படிகள் நன்றாகப் போயின. 0.5 மி.கி.யிலிருந்து 0.25 மி.கி. ஆக்கிய ஐந்தாம் நாளிலிருந்து பாத்திரம் விழும் சத்தம்கூட அவளுக்குத் தாங்கவில்லை. காலில் எறும்பு ஊர்வதாகச் சொல்கிறாள். பழைய பதற்ற நோய் திரும்பிவிட்டதா? (வாசகர், நாகப்பட்டினம்)

தேதியோடு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடையும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே 0.25 மி.கி.யைக் குறைத்தாலும், முதல் படியில் அது கால் பங்கு, இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றாவதில் பாதி. படி வரவரப் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. இருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் எப்போதும் குறைக்க வேண்டும்.

பழைய நோய் திரும்புவது பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல வரும்; பழைய கவலைகளையே திரும்பக் கொண்டுவரும். மருந்து குறைவதால் வரும் தொல்லையான விலகல் அறிகுறி, குறைத்த சில நாட்களுக்குள் வரும். அல்பிரசோலத்தில் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். குளோனசெபத்தில் நான்கைந்து நாள் அல்லது ஒரு வாரம்கூட ஆகும். முன்பு இல்லாத புதுத் தொல்லைகள் அதில் இருக்கும்: சத்தமும் வெளிச்சமும் தாங்காமை, தோலில் ஊர்வது, தசை துடிப்பது, வியர்வை, கை நடுக்கம். அம்மையாருக்கு முன்பு எறும்பு ஊர்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் இது பெரும்பாலும் விலகல்தான்.

மருத்துவரிடம் சொல்லி 0.5 மி.கி.க்குத் திரும்பி, மூன்று நான்கு வாரம் அங்கேயே நில்லுங்கள். பிறகு 0.25 மி.கி. மாத்திரை ஒன்றேமுக்கால், அதன் பிறகு ஒன்றரை என்று, படிக்கு இரண்டு மூன்று வாரம் வைத்து இறங்குங்கள். கடைசியில் கால் மாத்திரையும் பெரிய படியாகிவிடும். அப்போது திரவ மருந்தோ டயசெபமோ தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

என் தம்பி தினமும் அல்பிரசோலம் நான்கைந்து மாத்திரை சாப்பிடுவான், குடியும் உண்டு. நான்கு நாளாக இரண்டையும் நிறுத்திவிட்டான். கை நடுங்குகிறது, இல்லாத ஆளோடு பேசுகிறான். (வாசகர், மயிலாடுதுறை)

இதைக் கடிதத்தில் கேட்டிருக்கக் கூடாது. கடிதம் கண்டதும் தொலைபேசியில் சொன்னதையே மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்: உடனே 108, உடனே மருத்துவமனை. நடுக்கம், குழப்பம், இல்லாததைக் காண்பது, காய்ச்சல் ஆகியவை வந்துவிட்டால் அடுத்தது வலிப்பாக இருக்கலாம், உயிரே போகலாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடுக்க வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். சாராயம் கொடுத்து அடக்கவும் முயல வேண்டாம்.

அம்மாவுக்கு 74 வயது. லோரசெபம் 1 மி.கி. எட்டு வருடமாகச் சாப்பிடுகிறார். இரவில் எழுந்தபோது ஒரு முறை விழுந்துவிட்டார். டயசெபத்துக்கு மாற்றிக் குறைக்கலாமா? (வாசகி, திருவையாறு)

இந்த வயதில் வேண்டாம். முதியவர்களின் உடம்பிலிருந்து டயசெபம் வெளியேற மிகவும் தாமதமாகும். நாளுக்கு நாள் சேர்ந்து இன்னொரு முறை விழ வைக்கும். லோரசெபத்தையே மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு வீதம் குறைக்க வேண்டும். அவ்வளவு சிறிய அளவை வீட்டில் வெட்ட முடியாது; மருத்துவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். குறைக்கும் நாட்களில் மாலையில் திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றே காட்டுங்கள். கழிவறை போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும்.

காசநோய் மாத்திரை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. அல்பிரசோலத்தைக் குறைக்கவேயில்லை, ஆனாலும் படபடப்பும் தூக்கமின்மையும் வந்துவிட்டன. (வாசகர், பாபநாசம்)

காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், கல்லீரல் அல்பிரசோலத்தைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். நீங்கள் குறைக்காமலே அளவு குறைந்திருக்கிறது. காசநோய் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. இரண்டு மருத்துவர்களுக்கும் தெரிவியுங்கள். ரிஃபாம்பிசின் முடிந்த பின் இதே மாத்திரை திடீரென்று அதிகமாகத் தெரியும்; அதையும் அவர்களிடம் இப்போதே நினைவுபடுத்தி வையுங்கள்.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் தர மறுக்கிறார்கள். நான்கு மாத்திரைகூடக் கிடைக்கவில்லை. (வாசகர், திருத்துறைப்பூண்டி)

இவற்றில் அல்பிரசோலமும் டயசெபமும் 2014 முதல், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் உள்ளவை. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அவரைக் கோபிக்க வேண்டாம். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே மருத்துவரிடம் போங்கள். அட்டை காலியானதால் நேரும் திடீர் நிறுத்தமும் திடீர் நிறுத்தம்தான்.

அல்பிரசோலம் 0.5 மி.கி. 'எஸ்.ஆர்.' மாத்திரையைப் பாதியாக வெட்டலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

கூடாது. அது மெல்லக் கரையும்படி செய்யப்பட்டது. நறுக்கினாலோ நொறுக்கினாலோ மருந்து சீக்கிரமாகக் கலந்துவிடும். முதலில் சாதாரண மாத்திரைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரே வேளையாக எடுத்த அளவை எத்தனை வேளையாகப் பிரிப்பது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.