பில் தொகையைக் கூட்டினால் பட்ஜெட் வராது

கேள்வி: சென்னையில் சொந்த வீடு. தண்ணீர், கேஸ், பிராட்பேண்ட் பில்களில் இருந்து தொகையையும் கடைசித் தேதியையும் எடுத்து எக்செல் ஷீட்டில் போட்டுவிட்டேன். கூட்டினால் ஒவ்வொரு மாதமும் வேறு வேறு தொகை வருகிறது, சில மாதம் இரட்டிப்பாகவும் தெரிகிறது. எது சரி?

பதில்: இரட்டிப்புக்குக் காரணம் பெரும்பாலும் பிராட்பேண்ட் பில்தான். 599 ரூபாய் பிளான் என்றால் 18% ஜிஎஸ்டி சேர்த்து 706.82. போன மாதம் கட்ட மறந்திருந்தால் இந்த மாத பில்லின் 'மொத்தம் செலுத்த வேண்டியது' 1,413.64 என்றிருக்கும். பழைய பாக்கி அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் இரண்டு பில்லின் மொத்தத்தையும் கூட்டி 2,120.46 என்று பயந்திருப்பீர்கள். பட்ஜெட்டுக்கு 'இந்த மாதக் கட்டணம்' என்ற வரியை எடுங்கள். 'மொத்தம்' என்பது பணம் கட்டும்போது மட்டும் பார்க்க வேண்டியது. ஒரே தாளில் பில் தேதி, காலம், கடைசித் தேதி என்று மூன்றை அச்சடித்து, முக்கியமானதைப் பொடி எழுத்தில் போடுகிறார்கள். யாரைச் சொல்லி என்ன!

தண்ணீர் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஆறு மாதத்துக்கு 1,200 என்றால் மாதம் 200 ஒதுக்குங்கள். கட்டும் மாதத்தில் மட்டும் எழுதினால் மற்ற ஐந்து மாதமும் பணம் மிஞ்சியதாகத் தோன்றும்.

சிலிண்டருக்குக் கடைசித் தேதியே கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, சிலிண்டர் வந்த தேதியை எழுதுங்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவே 45 நாள், விலை 900 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20 ரூபாய், வருடத்துக்கு 7,300, மாதம் சுமார் 608. ஒரே இடைவெளியை நம்ப வேண்டாம், பண்டிகை மாதத்தில் சீக்கிரம் தீரும். மூன்று நான்கு சிலிண்டர் பார்த்துச் சராசரி எடுங்கள். குழாய் கேஸ் என்றால் பில் வரும், இந்தக் கணக்கு வேண்டாம். சிலிண்டர் போடுபவர் கேட்கும் 'மேல் காசு' பில்லில் வராது. வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி விலையிலேயே அடங்கியது, தர வேண்டியதில்லை. தருகிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

ஆக 200 + 608 + 707 = 1,515. மாதத் தொகை அதுதான்.

அப்புறம், எஸ்எம்எஸ்ஸில் இருந்தும் எடுக்கிறீர்களா? 'இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று வருவதில் தொகையும் தேதியும் இருக்கும். ஷீட்டில் பில் மாதிரியே உட்கார்ந்துகொள்ளும். பில்லில் உள்ள நுகர்வோர் எண்ணோ கணக்கு எண்ணோ அதில் இல்லையென்றால் ஷீட்டில் அந்த வரிசையையே அழித்துவிடுங்கள். எண் இருந்தாலும் அந்த லிங்க்கில் கட்டாதீர்கள், நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போய்ப் பாருங்கள். 'வரியைக் குறைத்துத் தருகிறேன்' என்று வாசலில் நிற்கும் தரகரும் இதே ரகம்தான். ரசீது இல்லாமல் அவர் கையில் கொடுத்தால், அடுத்த பில்லில் அதே தொகை பாக்கியாக நிற்கும்.

கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே நினைவூட்டல் வையுங்கள். கடைசி நாளிலேயே கட்டினால் சில சமயம் வங்கியில் பணம் போய்விடும், நிறுவனத்தின் கணக்கில் அன்றே ஏறாது.