விலை தவறாக இருக்கலாம். அந்தத் தவறு நமக்கு லாபமாகுமா?

கேள்வி: சார்ட் பார்த்துப் பங்கு வாங்கி விற்கக் கற்றுத்தரும் வகுப்பில் 40,000 ரூபாய் கட்டிச் சேரலாம் என்றிருக்கிறேன். எம்.பி.ஏ. படிக்கும் என் மகன், "சந்தை திறன்மிக்கது, எல்லாத் தகவலும் ஏற்கெனவே விலையில் இருக்கிறது, அதனால் வகுப்பு வீண்" என்கிறான். ஆனால் அந்தக் கோட்பாடு தவறென்று நிரூபிக்கப்பட்டுவிட்டதாகவும் படித்தேன். யார் சொல்வது சரி? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் மகன் படிக்கும் கோட்பாட்டுக்குள் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு பங்கின் விலை அதன் உண்மையான மதிப்பைக் காட்டுகிறது என்பது ஒன்று. விலை தவறாகவே இருந்தாலும், அந்தத் தவறைப் பயன்படுத்திச் செலவும் ஆபத்தும் போக யாரும் தொடர்ந்து கூடுதல் லாபம் பார்க்க முடியாது என்பது மற்றொன்று. நீங்கள் படித்த எதிர்ச் சான்றுகளில் பெரும்பாலானவை முதல் கூற்றையே உடைக்கின்றன. வகுப்புக் கட்டணம் கட்டலாமா என்பதைத் தீர்மானிப்பதோ இரண்டாவது கூற்று.

விலைக்குள் எந்தத் தகவல் அடங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தக் கருதுகோளை மூன்று வடிவங்களாகப் பிரிப்பது வழக்கம். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் ஃபாமா 1970-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இந்தப் பிரிவு நிலைபெற்றது. கடந்தகால விலைகளில் இருக்கும் செய்தி முழுவதும் இன்றைய விலையில் சேர்ந்துவிட்டது என்பது வலுவற்ற வடிவம். இது உண்மையானால், பழைய விலைகளை மட்டும் வரைந்து பார்க்கும் சார்ட்டுக்குப் பயனில்லை. காலாண்டு முடிவு, டிவிடெண்ட், செய்தித்தாளில் வந்த ஒப்பந்தம் என்று பொதுவில் வெளியான எல்லாமே விலையில் சேர்ந்துவிட்டது என்பது அரைவலு வடிவம். நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியமும்கூட விலையில் இருக்கிறது என்பது வலுவான வடிவம்.

வலுவான வடிவத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. நிறுவன இயக்குநர்களும் உயர் அதிகாரிகளும் தங்கள் சொந்த நிறுவனப் பங்குகளில் செய்யும் வர்த்தகத்தில் சந்தையைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்க ஆய்வுகள் 1970-களிலேயே காட்டிவிட்டன. நம் நாட்டிலும் காலாண்டு முடிந்த நாளிலிருந்து, முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் கழியும் வரை, உள்தகவல் அறிந்தவர்கள் தங்கள் நிறுவனப் பங்கில் வர்த்தகம் செய்யக் கூடாது என்று செபி தடுத்து வைத்திருக்கிறது. ரகசியம் ஏற்கெனவே விலையில் இருந்தால் அந்தத் தடைக்கே வேலையில்லை.

அரைவலு வடிவத்துக்கு ஆதரவும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. ஃபாமாவும் மூன்று சக ஆய்வாளர்களும் நியூயார்க் பங்குச் சந்தையில் 1927 முதல் 1959 வரை நடந்த 940 பங்குப் பிரிப்புகளை, அதாவது ஒரு பங்கைப் பல பங்குகளாக உடைத்த நிகழ்வுகளை, எடுத்து ஆராய்ந்தார்கள். பிரிப்புக்கு முந்தைய மாதங்களில் விலை சந்தையைவிட வேகமாக ஏறியிருந்தது. பிரிப்புக்குப் பின் சராசரியாகக் கூடுதல் ஏற்றம் எதுவும் இல்லை. செய்தி வந்த பிறகு ஓடிப்போய் வாங்கியவருக்கு எதுவும் மிச்சமில்லை என்று இதற்குப் பொருள். ஆனால் லாப அறிவிப்புகளின் கதை வேறு. எதிர்பார்த்ததைவிட மிக நல்ல முடிவு தந்த பங்குகள் அறிவிப்பு நாளில் ஏறியதோடு நிற்காமல் அடுத்த பல வாரங்களுக்கு மெல்ல மெல்ல ஏறின; மிக மோசமான முடிவு தந்தவை அதேபோல் இறங்கின. 1989-இல் வெளிவந்த பெர்னார்ட், தாமஸ் இருவரின் ஆய்வில், இந்த இரு வகைப் பங்குகளுக்கும் இடையிலான வித்தியாசம் 60 வர்த்தக நாட்களில் சுமார் 4 சதவீதம். எல்லோருக்கும் தெரிந்த செய்தி விலைக்குள் போய்ச் சேர இரண்டு, மூன்று மாதங்கள் ஆகிறது என்றால், அந்த அளவுக்கு அரைவலு வடிவம் பழுதுபடுகிறது.

எதிர்ச் சான்றுகளிலேயே என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது, கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்தால் போதும் என்கிற ஒரு நிகழ்ச்சி. த்ரீகாம் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு, கையடக்கக் கணினி தயாரிக்கும் பாம் என்ற துணை நிறுவனம் இருந்தது. 2000 மார்ச் 2 அன்று பாம் பங்குகளில் சுமார் 5 சதவீதம் மட்டும் சந்தைக்கு வந்தது. மீதி 95 சதவீதத்தை அந்த ஆண்டுக்குள் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுக்கப் போவதாக த்ரீகாம் அறிவித்திருந்தது. அந்தக் கணக்குப்படி ஒரு த்ரீகாம் பங்குக்குச் சுமார் ஒன்றரை பாம் பங்கு கிடைக்கும். முதல் நாள் முடிவில் பாம் 95.06 டாலரிலும் த்ரீகாம் 81.81 டாலரிலும் நின்றன.

இப்போது 100 த்ரீகாம் பங்கு வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் கையில் இருப்பதன் சந்தை விலை 8,181 டாலர். அவருக்கு வரவிருக்கும் 150 பாம் பங்குகளின் சந்தை விலை 14,259 டாலர். அப்படியானால் பாமைக் கழித்துவிட்டு எஞ்சும் த்ரீகாம் வணிகத்தில் அந்த 100 பங்குகளுக்கு உரிய பகுதிக்கு, நிறுவனம் வைத்திருந்த ரொக்கத்தையும் சேர்த்து, சந்தை போட்ட மதிப்பு கழித்தல் 6,078 டாலர். வரையறுத்த பொறுப்புடைய ஒரு நிறுவனத்தின் பங்கு பூஜ்யத்துக்குக் கீழே போக வழியில்லை. இது மறைந்து கிடந்த தவறும் இல்லை. மறுநாளே செய்தித்தாள்கள் இதைக் கணக்குப் போட்டு எழுதின. அப்படியும் தவறு வாரக்கணக்கில் நீடித்தது.

விவரம் தெரிந்தவர்கள் ஏன் அந்தப் பணத்தை அள்ளிக்கொள்ளவில்லை? அதைச் செய்ய த்ரீகாமை வாங்கி, பாமை ஷார்ட் அடிக்க வேண்டும். அதாவது, பாம் பங்குகளைக் கடன் வாங்கி விற்க வேண்டும். சந்தையில் புழங்கியதே 5 சதவீதம். அதை வைத்திருந்தவர்களில் கடன் கொடுக்க முன்வந்தவர்கள் சிலரே. கிடைத்த சில பங்குகளுக்கும் கடன் கட்டணம் எகிறியது. பங்குப் பிரித்தளிப்புக்கு வரித்துறையின் அனுமதி கிடைக்காமல் போகும் ஆபத்தும் இருந்தது. லாமோண்ட், தேலர் என்ற இரு பொருளியலாளர்கள் இதைப் பின்னர் விரிவாக ஆராய்ந்தார்கள். விலை சரியானது என்ற முதல் கூற்று இங்கே ஐயத்துக்கு இடமின்றி விழுகிறது. எளிதில் பணம் பண்ண முடியாது என்ற இரண்டாவது கூற்று ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. விலைகள் மதிப்பை மீறி ஊதிப்போகும் குமிழிகளைப் பற்றிப் படிக்கும்போதும் இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள்.

இனி உங்கள் வகுப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள வலுவற்ற வடிவத்துக்கு வருகிறேன். இதற்கு எதிராகச் சொல்லப்படும் மிக வலிமையான சான்று மொமென்டம். நரசிம்மன் ஜெகதீஷ், ஷெரிடன் டிட்மன் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், கடந்த ஆறு மாதம் நன்கு ஏறிய பங்குகளை வாங்கி, மோசமாக இறங்கியவற்றை விற்று, ஆறு மாதம் வைத்திருந்தால், 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்க விலைகளில் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் கிடைத்திருக்கும் என்று கண்டார்கள். பழைய விலையை மட்டும் பார்த்துச் செய்யும் வேலை இது. ஆகவே வலுவற்ற வடிவத்தின் மேல் நேராக விழுந்த அடி.

ஃபாமா தரப்பின் பதிலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு லாபம் கூடுதலானதா என்று சொல்ல, அந்த அளவு ஆபத்துக்கு நியாயமான லாபம் எவ்வளவு என்ற அளவுகோல் முதலில் வேண்டும். அந்த அளவுகோலே பிழையானால், சந்தையின் பிழை என்று நாம் நினைப்பது அளவுகோலின் பிழையாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் சோதிக்க முடிகிறது, தனித்தனியே முடிவதில்லை. மொமென்டத்தின் ஆபத்து கற்பனையும் இல்லை: 2009 மார்ச் முதல் மே வரையிலான மூன்றே மாதங்களில், அதற்குமுன் மிக மோசமாக இறங்கியிருந்த அமெரிக்கப் பங்குகளின் தொகுப்பு 163 சதவீதம் ஏறியது, நன்கு ஏறியிருந்தவற்றின் தொகுப்பு வெறும் 8 சதவீதம். இறங்கியவற்றை ஷார்ட் அடித்திருந்தவரின் பல ஆண்டு உழைப்பு அந்த மூன்று மாதத்தில் போயிருக்கும். மேலும், இத்தகைய உத்திகள் ஆய்விதழில் வெளிவந்த பிறகு மெலிந்துவிடுகின்றன. 97 உத்திகளைத் திரட்டிப் பார்த்த மெக்லீன், பான்டிஃப் ஆய்வு, அச்சான பின் அவற்றின் லாபம் சராசரியாக 58 சதவீதம் குறைந்ததாகக் கண்டது.

உங்கள் கணக்கில் இது எப்படி வந்து முடியும் என்று பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாய் போடுகிறீர்கள், சார்ட் உத்தி உண்மையிலேயே பலித்து ஆண்டுக்கு 18 சதவீதம் தருகிறது, அதே ஆண்டில், ஒரு சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் 12 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்த எண்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் விற்று மாற்றினால், பரிவர்த்தனை வரி, புரோக்கரேஜ், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்ந்து 1,000 ரூபாயையாவது எடுத்துவிடும். ஓராண்டுக்குள் விற்பதால் குறுகிய கால மூலதன ஆதாய வரி 20 சதவீதம், செஸ்ஸுடன் சுமார் 3,700 ரூபாய். கையில் நிற்பது 13,300 ரூபாய். இண்டெக்ஸ் ஃபண்டின் 12,000 ரூபாய்க்கோ விற்கும் வரை வரியே இல்லை. உத்தி பலித்த ஆண்டிலேயே மிச்சம் 1,300 ரூபாய் என்றால், 40,000 ரூபாய் கட்டணத்தை மீட்க இந்த ஒரு லட்சத்துக்கு முப்பது ஆண்டுகள் வேண்டும்.

ஆகவே, வலுவற்ற வடிவம் முழு உண்மை என்று உங்கள் மகன் சொன்னால் நான் உடன்பட மாட்டேன். வகுப்பு வேண்டாம் என்று அவர் சொன்னால் உடன்படுவேன். மொமென்டத்தில் நம்பிக்கை இருந்தால், அதையே விதியாகக் கொண்ட இண்டெக்ஸ் ஃபண்டுகள் நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. ஃபண்டுக்குள் நடக்கும் வாங்கல் விற்றலுக்கு மூலதன ஆதாய வரி உங்கள் தலையில் விழாது. பங்குச் சந்தையில் போடும் பணத்தில் பத்தில் ஒரு பாகத்துக்கு மேல் அதில் வைக்காதீர்கள். பல ஆண்டுகள் பொதுச் சந்தைக்குப் பின்தங்கும் காலமும் வரும்.

இதற்குப் பிறகும் சேர விரும்பினால், பணம் கட்டுமுன் ஆசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள். தேர்ந்தெடுத்த சில சார்ட்டுகளைப் பார்ப்பதில் பயனில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளின் எல்லா வர்த்தகங்களுக்கும் புரோக்கர் தந்த கான்ட்ராக்ட் நோட்டுகளையும், வரி கட்டிய பின் நின்ற லாபத்தையும், அதே தேதிகளில் டிவிடெண்டும் சேர்ந்த நிஃப்டி 50 குறியீட்டின் லாபத்தையும் அருகருகே காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டினால் எனக்கும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.