சமையலறையில் கேஸ் வாசனை: முதலில் எதைத் தொடுவது?

காலையில் எழுந்து போனால் சமையலறை முழுக்க கேஸ் வாசனை. லைட் போடலாமா, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு வெளியேற்றலாமா?

இரண்டும் வேண்டாம். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சின்னப் பொறி பறக்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ள அது போதும். எரிகிற லைட் எரியட்டும், அணைந்தது அணைந்தே இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் தானாகவே ஆன் ஆகும் என்பதால், மெயின் சுவிட்ச் வாசனை எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அதை அணையுங்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அதனால் ஜன்னலைவிட, வெளியே திறக்கும் கதவுதான் முக்கியம். கதவைத் திறந்துவிட்டு, அடுப்புக் குமிழ்களையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். பிறகு ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியை 'டக்' என்று பதியும்வரை அழுத்துங்கள். (அந்த மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், கயிற்றோடு சிலிண்டரிலேயே தொங்கட்டும்.) வாசனை கண்ணைக் கட்டும் அளவுக்கு இருந்தாலோ, சீறும் சத்தம் கேட்டாலோ சிலிண்டர் பக்கமே போகாமல் எல்லோரும் வெளியேறுங்கள். போனில் உதவி கேட்பதும் வெளியே போய்த்தான்.

மூடியைப் பதித்த பிறகும் சீறினால் கோளாறு சிலிண்டர் வால்வில். ஏஜென்சி ஆள்தான் வரவேண்டும். நின்றுவிட்டால் குழாய், ரெகுலேட்டர், அடுப்பு, வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இவற்றில் ஒன்று. புது சிலிண்டர் மாட்டிய மறுநாள் என்றால் முதல் சந்தேகம் அந்த வளையம்தான்: விரிசல் விட்டிருக்கும், அல்லது இல்லாமலே இருக்கும். வாசனை முழுக்கப் போனபின், அடுப்புக் குமிழ்கள் மூடியே இருக்க, ரெகுலேட்டரை மறுபடி மாட்டித் திறந்து சோப்பு நுரை தடவிப் பாருங்கள், கசியும் இடத்தில் குமிழி ஊதும். தீக்குச்சி வைத்துச் சோதிக்கவே கூடாது.